எண்பத்தேழு மில்லி

ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் செந்தில் தராசைத் தொடுவான். கண்ணாடிக் கதவைச் சாத்தி, மூச்சையும் கொஞ்சம் அடக்கி, கடைசி இலக்கம் ஆடாமல் நிற்கிறவரை காத்திருப்பான். பட்டறைக்கு வந்து இரண்டு வருஷத்தில் மாமா அவனுக்கு முதலில் பழக்கியது இதைத்தான். ஊதுகுழல்கூட அப்புறம்தான் கைக்கு வந்தது.

அன்று மாமா மருதமலைக்குப் போயிருந்தார். தொண்டாமுத்தூரிலிருந்து ஓர் அம்மா பழைய செயின் கொண்டுவந்தார். உரைகல்லில் தேய்த்துப் பார்த்தான், 22 காரட்தான். கொக்கியில் இருந்த அழுக்கைச் சுரண்டி, எடை போட்டு, அந்த அம்மாவையே எட்டிப் பார்க்கச் சொன்னான். 12.340 கிராம்.

"உன்னாட்ட எடை காட்டுனவங்க யாருமில்ல கண்ணு" என்றார் அந்த அம்மா. மகன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பணம் அவசரம். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மாமா சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"எத்தன மணிக்கு வந்தாங்க?"

"மூணே முக்காலுங்க."

"மத்தியானம் ரேட்டு ஏறுச்சே. 5,650. நீ 5,610 போட்டிருக்கற."

செந்தில் தலையைச் சொறிந்தான். தெரியாமல் செய்யவில்லை. போனில் புது ரேட்டு வந்ததைப் பார்த்திருந்தான். "காலையில ரேட்டுங்க மாமா. எல்லாக் கடையிலயும் அப்படித்தான். எடையில ஒரு மில்லி கூட நான் கைவைக்கலைங்க."

மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கால்குலேட்டரைத் தட்டினார். கிராமுக்கு 40 ரூபாய், மொத்தம் 493 ரூபாய் 60 காசு. அதை 5,650ஆல் வகுத்தார். பிறகு அரை மில்லிமீட்டர் தங்கக் கம்பியை எடுத்து, குறடால் துளித்துளியாக நறுக்கித் தராசில் வைத்துக்கொண்டே வந்தார். 0.087 வந்ததும் நிறுத்தினார். எல்லாம் சேர்ந்து ஓர் அங்குல நீளம் இருக்கும்.

"அந்தம்மா செயின்ல இத்தன நறுக்கி எடுத்துட்டு எடை போட்டிருப்பியாடா?"

செந்தில் அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். உலைக்குப் பக்கத்தில் தரையில் சிந்தியிருந்தால் விளக்குமாறும் தண்ணீருமாக அரை நாள் தேடியிருப்பான்.

மாமா மேஜையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினார். "காந்தி பார்க்குல பஸ் ஏறு. சில்லறை கேக்காத."

வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அந்த அம்மா திண்ணையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"என்ன சாமி? எடையில ஏதாச்சும் கொறஞ்சு போச்சா?"

"எடை சரிதானுங்கம்மா" என்றான். அதற்கு மேல் சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றது. ரூபாயை மட்டும் இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றான்.