பெட்டியைத் திறந்ததும் படி

அம்மு,

இது உன் கைக்குக் கிடைத்துவிட்டது என்றால் பெட்டியும் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது. நல்லது. நீ உள்ளறையில் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது இதை எழுதுகிறேன். நீல ஸ்வெட்டரின் மடிப்புக்குள் வைக்கப்போகிறேன். அங்கே போனதும் குளிரும், முதலில் அதைத்தான் தேடுவாய் என்று ஒரு கணக்கு.

ஏர்போர்ட்டில் இதையெல்லாம் சொல்ல முடியாது. டிராலி, பாஸ்போர்ட், பின்னால் நிற்பவரின் அவசரம், நடுவில் பாப்பா. "போனதும் மெசேஜ் பண்ணு" என்று மட்டும்தான் எனக்கு வாயில் வரும். அதனால் காகிதத்தில்.

இந்த வாரம் முழுக்க நீ என்னிடம் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். பாப்பாவுக்கு யார் தலை பின்னுவார்கள், காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள், ஒரு வருடம் தள்ளிப்போட்டால் சீட் இருக்குமா. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது "நான் போகலாமா" என்பதுதான். போகலாம். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லவில்லை, எனக்கு ஆசையாக இருக்கிறது. பாப்பா பிறந்தபோது நீ அலமாரியின் மேல்தட்டில் எடுத்து வைத்த அந்தப் புத்தகங்களை ஒவ்வொரு முறை வீடு மாறியபோதும் நீயே சுமந்து வந்தாய், வேறு யாரையும் தூக்க விடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் நான். அட்மிஷன் கடிதம் வந்த அன்று உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த முகத்தோடு வகுப்பில் போய் உட்கார். எங்களை நினைத்துக் குற்ற உணர்ச்சியோடு உட்காராதே.

இன்னொன்று. பாப்பா அழுவாள். போனில் உன்னைப் பார்த்ததும் இன்னும் அதிகமாக அழுவாள். நீ இல்லாமல் அவள் கஷ்டப்படுகிறாள் என்று உடனே டிக்கெட் பார்க்க ஆரம்பிக்காதே. உன் மேல் அவ்வளவு ஆசை, வேறொன்றும் இல்லை. போனை வைத்த பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு அழுகை வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். அதை மறைத்துப் பேசப் போவதில்லை, நீயும் மறைக்காதே. "எல்லாம் நல்லா இருக்கு" என்று ஒரே வரியில் முடிக்கும் மெசேஜ் மட்டும் வேண்டாம். நன்றாக இல்லாத நாளில் நன்றாக இல்லை என்றே எழுது. என்னால் அங்கிருப்பதைச் சரிசெய்ய முடியாது, ஆனால் கேட்டுக்கொண்டிருக்க முடியும்.

சரி, வேலை விஷயங்கள். சார்ஜர் அடாப்டர் சாக்ஸ் பையில் இருக்கிறது. உன் மாத்திரைகளும் டாக்டர் சீட்டின் ஒரு நகலும் வெள்ளைப் பவுச்சில், இன்னொரு நகல் உன் ஹேண்ட்பேக்கில். பவர் பேங்கையும் நீ பெட்டிக்குள் வைத்திருந்தாய். லித்தியம் பேட்டரி என்பதால் செக்-இன் லக்கேஜில் விட மாட்டார்கள், எடுத்து ஹேண்ட்பேக்கில் போட்டுவிட்டேன். அப்புறம் தூக்கம். அங்கே கடிகாரம் ஏறக்குறைய 5 மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே காலை 6 மணிக்கு எழுந்து பழகிய உடம்பு அங்கே இரவு 1 மணி வாக்கிலேயே விழித்துக்கொள்ளும். பயந்துவிடாதே, அது நாளுக்கு ஒரு மணி நேரம் போலத்தான் நகர்ந்து வரும். மாலையில் வெளிச்சம் இருக்கும்வரை வெளியே கொஞ்சம் நட, களைப்பாக இருந்தாலும் சீக்கிரம் படுத்துவிடாதே. நடுராத்திரியில் விழித்துப் படுத்திருந்தால் எனக்குப் போன் செய். எனக்கு அது விடிகாலை, நான் அடுப்படியில்தான் இருப்பேன்.

பாப்பாவோடு பேச, உனக்குக் காலை 11 மணி சரியாக இருக்கும். இங்கே மாலை 4 மணி வாக்கில் இருக்கும், ஸ்கூல் விட்டு வந்திருப்பாள். வகுப்பு இருக்கும் நாளில் விட்டுவிடு, சனி ஞாயிறு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

உன்னை ரொம்பப் பிடிக்கும் அம்மு. நீ போவதால் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் பெருமை என்று ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது, அதை இந்த வருடம் முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரியப்போகிறேன். நீ வேண்டாம் என்றாலும்.

இப்போது பசியோடுதான் இருப்பாய். முதலில் சாப்பிடு, பெட்டியை அப்புறம் காலி செய்யலாம்.

உன்னவன்

பி.கு: பாப்பாவும் ஏதோ வைத்திருக்கிறாள். என்னிடம் காட்ட மறுத்துவிட்டாள். இடது கால் ஷூவுக்குள் பார், என்னவென்று எனக்கும் சொல்.