டாக்டருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். நேரில் வந்தால் பாதி மறந்துவிடுகிறது, அதனால் எழுதிக் கொண்டுவருகிறேன்.

ஐந்தாறு மாதமாக உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. 74 கிலோ இருந்தவன் இப்போது 63. டயட், உடற்பயிற்சி என்று எதுவும் செய்யவில்லை. பசி கொஞ்சம் குறைவுதான், ஆனால் சாப்பிடாமல் இருப்பதில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியதாயிற்று.

ராத்திரி வியர்வைதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு பனியனும் தலையணை உறையும் பிழிகிற அளவுக்கு நனைந்துவிடுகின்றன. எழுந்து உடை மாற்றிக்கொண்டுதான் மறுபடி படுக்கிறேன். பகலில் இப்படி வியர்ப்பதில்லை. சில நாள் சாயங்காலம் உடம்பு கதகதவென்று இருக்கும். தெர்மாமீட்டரில் 100 டிகிரியைத் தாண்டியதில்லை.

அசதி, தூங்கி எழுந்தாலும் தீருவதில்லை. ஒரு மாடி ஏறினால் உட்கார வேண்டியிருக்கிறது. வேலைப்பளு என்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இருமல் எப்போதாவது, வறட்டு இருமல்; ரத்தம் வந்ததில்லை. கழுத்தில் இடப்பக்கம், காறை எலும்புக்கு மேலே ஒரு சின்னக் கட்டி தட்டுப்படுகிறது. வலி இல்லை. அதை அவசியம் தொட்டுப் பாருங்கள்.

அப்பாவுக்கு முன்பு காசநோய் வந்து சிகிச்சை எடுத்தார். எனக்குப் பிரஷர் மாத்திரை மட்டும்தான். போன மாதம் பார்த்த சர்க்கரை சரியாக இருந்தது, தைராய்டு, எச்.ஐ.வி., எக்ஸ்ரே எதுவும் பார்க்கவில்லை. தேவையென்றால் எல்லாம் எடுக்கத் தயார்.

புற்றுநோயாக இருக்குமோ என்ற சந்தேகம் உங்களுக்கு இருந்தாலும் என்னிடமே நேரடியாகச் சொல்லிவிடுங்கள். மனைவியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முருகேசன், வயது 52