தில்லைநகர் ஸ்டடி ஹால்: மாத பாஸ், நாள் பாஸ் பதிவுகள்

மாத பாஸ்

திருச்சி தில்லைநகரில் உள்ள நம் ஸ்டடி ஹாலுக்கு மாத பாஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். காலை 6 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்துவோம். ஞாயிறும் உண்டு.

லாக்கருடன் உங்களுக்கென்றே ஒதுக்கிய சீட் 1,600 ரூபாய். வந்த நேரத்தில் எது காலியோ அதில் உட்காருவேன் என்றால் 1,200 ரூபாய். ஏசி, வைஃபை, குடிநீர் எல்லாம் இதிலேயே அடக்கம். முன்பணம் கிடையாது, லாக்கர் சாவிக்கு மட்டும் 200 ரூபாய் வாங்கி, சாவியைக் கொடுத்ததும் திருப்பித் தருவோம்.

பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கணக்கு, ஆகவே 1-ஆம் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். நடுவில் ஊருக்குப் போகவேண்டி வந்தால் கிளம்பும் முன் சொல்லிவிடுங்கள், 5 நாள் வரை தள்ளிப்போட்டுத் தருகிறோம். போய்வந்து சொன்னால் எங்களால் முடியாது.

குரூப் 2, குரூப் 4 படிப்பவர்கள் ஒதுக்கிய சீட்டை எடுப்பதே நல்லது என்பது எங்கள் எண்ணம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடப்புத்தகங்களைத் தினமும் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாள்தான் வர முடியும் என்பவர்களுக்கு 1,200 ரூபாய் பாஸே போதும்.

நாள் பாஸ்

ஒரு நாளைக்கு 100 ரூபாய். அரை நாள் பாஸ் இல்லை. காலையில் வந்து, மதியம் வீட்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் மறுபடி வந்தாலும் அதே பாஸ்தான்.

இடம் பிடிக்குமா பிடிக்காதா என்று யோசிப்பவர்கள் முதலில் இதை எடுத்துப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் மாத பாஸுக்கு மாறினால் அந்த 100 ரூபாயைக் கழித்துக்கொள்கிறோம்.

ஃப்ரீலான்ஸ் வேலை பார்ப்பவர்களுக்குச் சுவரோரம் அகலமான மேசைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் இரண்டு பிளக் பாயிண்ட். கரண்ட் போனால் விளக்கும் வைஃபையும் யுபிஎஸ்ஸில் ஓடும், ஏசி ஓடாது. கிளையண்டிடம் பேசக் கதவு மூடிய சின்ன அறை ஒன்று உண்டு, ஒருவருக்கு ஒரு தடவைக்கு அரை மணி நேரம். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அந்த நேரத்தில்தான் எல்லோருக்கும் அந்த அறை தேவைப்படுகிறது, அதனால் காலையிலேயே நோட்டில் பெயர் எழுதிவிடுங்கள்.

சத்தம் பற்றி

"ரொம்பக் கறாரா இருக்கீங்களே" என்று சிலர் சொல்கிறார்கள். ஆமாம், கறார்தான். நீங்கள் காசு கொடுப்பதே அமைதிக்காகத்தானே!

போனை சைலண்டில் போட்டு மேசைமேல் வைத்தால் போதாது. வைப்ரேஷனில் மேசையே அதிரும். பைக்குள் வையுங்கள். மெக்கானிக்கல் கீபோர்டு ஹாலுக்குள் வேண்டாம், லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டு போதும். ஹெட்ஃபோனில் வீடியோ பார்க்கலாம், ஆனால் பக்கத்து சீட்டுக்கு ஒரு சொல்கூடக் கேட்கக் கூடாது.

வாய்விட்டுப் படித்தால்தான் மனதில் நிற்கும் என்பவர்கள் உண்டு. அது தப்பில்லை. அவர்களுக்காகத்தான் மொட்டை மாடியில் கூரை போட்டு நாற்காலிகள் வைத்திருக்கிறோம். நண்பர்களோடு சேர்ந்து கேள்வி கேட்டுப் படிப்பதும் அங்கேதான். ஹாலுக்குள் "ஒரே ஒரு டவுட்" என்று ஆரம்பிக்கும் பேச்சு ஒரு நாளும் ஒரு டவுட்டோடு முடிவதில்லை.

முதல் தடவை சொல்வோம், இரண்டாம் தடவை மாடிக்கு அனுப்புவோம். மூன்றாம் தடவை, மீதி நாள்களைக் கணக்குப் போட்டுப் பணத்தைக் கையில் கொடுத்துவிடுவோம்.

ஞாயிறு மாதிரித் தேர்வு

குரூப் 4 எழுதுபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை 9.30 முதல் 12.30 வரை. நிஜத் தேர்வைப் போலவே 200 கேள்வி, மூன்று மணி நேரம், ஓஎம்ஆர் தாள். கறுப்புப் பால்பாயிண்ட் பேனா கொண்டு வாருங்கள். வட்டம் நிரப்பவே எவ்வளவு நேரம் போகிறது என்பது வீட்டில் போனில் டெஸ்ட் எழுதினால் தெரியாது.

மாத பாஸ்காரர்களுக்கு இலவசம். மற்றவர்கள் நாள் பாஸ் எடுத்து எழுதலாம். தேர்வு முடிந்தபின் இரவு வரை உட்கார்ந்தும் படிக்கலாம். காலை 9.30-க்குக் கதவைச் சாத்திவிடுவோம். லேப்டாப்பில் வேலை செய்பவர்களுக்கு அந்த மூன்று மணி நேரம் மட்டும் பின்பக்க அறை.

இன்றைய நிலவரம்

ஒதுக்கிய சீட்டில் 4 மட்டும் மிச்சம். பெண்களுக்கான பகுதியில் 2, பொதுப் பகுதியில் 2. பொதுப் பகுதியில் உள்ள இரண்டிலும் ஏசிக் காற்று நேராகத் தலையில் வீசும். குளிர் ஒத்துக்கொள்ளாதவர்கள் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.