கல்வி உதவித்தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது குறித்த மேல்முறையீட்டுக் கடிதம்

திருச்செங்கோடு,
25.08.2025

அனுப்புநர்
மு. கௌசல்யா,
மூன்றாம் ஆண்டு, பி.இ. (மின்னியல் மற்றும் மின்னணுவியல்),
திருச்செங்கோடு வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
கல்வி உதவித்தொகைத் தேர்வுக் குழு,
அறக்கட்டளைத் தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: 2025-26ஆம் ஆண்டுக்கான உதவித்தொகை விண்ணப்பம் (எண் 1847) நிராகரிக்கப்பட்டதை மறுபரிசீலனை செய்யக் கோருதல், புதிய சான்றுகள் சமர்ப்பித்தல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 18.08.2025.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்ற தங்கள் கடிதம் கிடைத்தது. காரணங்களைத் தெளிவாக எழுதியதற்கும், 15 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வாய்ப்புக் கொடுத்ததற்கும் நன்றி. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2,50,000 என்ற வரம்பைத் தாண்டுகிறது, நான்காம் பருவத்தில் ஒரு பாடம் அரியராக நிலுவையில் உள்ளது என இரண்டு காரணங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். குழுவின் கையில் அன்று இருந்த ஆவணங்களை வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு முடிவுகளுமே சரிதான். அந்த ஆவணங்களுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த சான்றுகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். அவை காட்டும் வருமான நிலையும் தேர்வு நிலையும் விண்ணப்பத்தின் கடைசி நாளான 30.06.2025-க்கு முன்பே உள்ளவை. அவற்றுக்கான தாள்கள்தான் பிறகு வந்தன.

முதலில் வருமானம்.

விண்ணப்பத்துடன் நான் கொடுத்த வருமானச் சான்றிதழ் 22.07.2024 அன்று வழங்கப்பட்டது. ஓராண்டு செல்லத்தக்கது என்பதால் ஜூன் மாத இறுதியில் அதுதான் என் கையில் இருந்த, காலாவதியாகாத ஒரே சான்றிதழ். அதில் ஆண்டு வருமானம் ரூ.2,88,000. அந்தத் தொகை அன்றைய நிலைக்குச் சரியானது. என் தந்தை அப்போது வெளிமாநில லைன் ஓடும் லாரி டிரைவர். சம்பளமும் பேட்டாவும் சேர்த்து மாதம் ரூ.20,000 வந்தது. அம்மா விசைத்தறிக்குத் தார் சுற்றி மாதம் ரூ.4,000 சம்பாதித்தார்.

இந்த ஆண்டு மே மாதத்தில் அந்த நிலை மாறிவிட்டது. அப்பாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. அது விழித்திரையைப் பாதித்திருக்கிறது. கனரக வாகனம் ஓட்டுவதற்கான அவருடைய உரிமம் 14.05.2025 அன்று முடிவதாக இருந்தது. போக்குவரத்து வாகன உரிமத்தை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குப் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்று வேண்டும் என்பது குழுவினருக்குத் தெரிந்திருக்கும். 09.05.2025 அன்று அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் பரிசோதித்தபோது வலது கண்ணில் 6/60, இடது கண்ணில் 6/24 என்று பார்வை பதிவானது. கனரக வாகனம் ஓட்டத் தகுதியில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். உரிமத்தைப் புதுப்பிக்க முடியவில்லை. இரண்டு கண்களுக்கும் லேசர் சிகிச்சை நடக்கிறது. பார்வை மேலும் குறையாமல் தடுக்கத்தான் இது, போன பார்வை திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்தப் புறநோயாளிச் சீட்டின் நகலும் காலாவதியான உரிமத்தின் நகலும் இணைப்பில் உள்ளன.

01.06.2025 முதல் அப்பா ஒரு லாரிப் பட்டறையில் பகல் நேர வாட்ச்மேனாக வேலை பார்க்கிறார். மாதம் ரூ.9,000. அம்மாவின் கூலியில் மாற்றமில்லை. ஆக, ஆண்டுக்கு அப்பாவின் வருமானம் ரூ.1,08,000, அம்மாவுடையது ரூ.48,000, மொத்தம் ரூ.1,56,000. எங்களுக்கு நிலமோ வாடகை வருமானமோ கிடையாது. சொந்த வண்டி வைத்து அப்பா ஓட்டியதும் இல்லை, கடைசிவரை அடுத்தவர் லாரியில்தான் ஓட்டினார்.

புதிய வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 16.06.2025 அன்றே, அதாவது தங்கள் கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்தார், பட்டறைக்கும் போய் உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு வருவாய் ஆய்வாளரைக் கடந்து, வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து சான்றிதழ் 11.07.2025 அன்று வந்தது. அதற்குள் தங்கள் இணையதளத்தில் ஆவணம் சேர்க்கும் வசதி மூடப்பட்டுவிட்டது. விண்ணப்பித்த நாளைக் காட்டும் ஒப்புகைச் சீட்டையும் புதிய சான்றிதழையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். சான்றிதழில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அதன் உண்மைத்தன்மையை அங்கிருந்தே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஓராண்டுக்குள் இரண்டு சான்றிதழ்கள், இரண்டிலும் வேறு வேறு தொகை என்றால் சந்தேகம் எழுவது இயல்பு. அதனால் சான்றிதழோடு நின்றுவிடாமல் வேறு சில ஆவணங்களையும் இணைக்கிறேன். அப்பா வேலை பார்த்த லாரியின் உரிமையாளர், கடைசி டிரிப் முடிந்து அவர் வேலையை விட்ட நாளைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று. அப்பாவின் வங்கிப் புத்தகத்தில் ஜனவரி முதல் ஆகஸ்ட் வரையிலான பக்கங்கள் இன்னொன்று. ஏப்ரல் வரை ஒவ்வொரு மாதமும் லாரி உரிமையாளரிடமிருந்து ரூ.12,000 வரவாகியிருக்கிறது. மீதி பேட்டாவாகக் கையில் கொடுக்கப்பட்டதால் புத்தகத்தில் இருக்காது. மே மாதம் வரவே இல்லை. ஜூன் மாதச் சம்பளம் முதல் பட்டறையிலிருந்து ரூ.9,000 வருகிறது. அம்மாவின் கூலி வாரக் கணக்கில் ரொக்கமாக வருவது, அதற்கு வங்கிப் பதிவு கிடையாது. தறி உரிமையாளர் எழுதிக் கொடுத்த கடிதமும் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையும்தான் அதற்கு ஆதாரம். லாரி உரிமையாளர், பட்டறை, தறி உரிமையாளர் மூவரின் கைபேசி எண்களும் அவரவர் கடிதங்களில் இருக்கின்றன. குழு நேரடியாகப் பேசிக் கேட்டுக்கொள்ளலாம், அவர்களிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

தங்கள் அறிவிப்பின் 4ஆம் விதியில் "விண்ணப்பிக்கும் நாளில் உள்ள குடும்ப ஆண்டு வருமானம்" என்று இருக்கிறது. நான் விண்ணப்பித்த நாளில் அப்பா பட்டறை வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த விதியின்படி எடுத்துக்கொள்ள வேண்டிய தொகை ரூ.1,56,000 என்பதே என் பணிவான வேண்டுகோள். விதியைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை.

அடுத்தது அரியர். நான்காம் பருவத்தில் மின் இயந்திரங்கள் (இரண்டாம் தாள்) பாடத்தில் எனக்கு முதலில் 'யு' கிரேடு வந்தது. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோது, தூண்டல் மோட்டாரின் வட்ட வரைபடம் பற்றிய 13 மதிப்பெண் கேள்விக்கான விடை இரண்டு பக்கம் தள்ளித் தொடர்வதும், தொடரும் பக்கங்களில் மதிப்பெண் இடப்படாமல் இருப்பதும் தெரிந்தது. துறைப் பேராசிரியரின் பரிந்துரையோடு மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். 25.07.2025 அன்று வெளியான முடிவில் 'பி' கிரேடுடன் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். இப்போது என் பெயரில் நிலுவைப் பாடம் எதுவும் இல்லை. நான்கு பருவங்களின் மொத்த சராசரி 7.61, தாங்கள் கேட்பது 7.0. மறுமதிப்பீட்டு முடிவும், கல்லூரி முதல்வர் கையொப்பமிட்ட மதிப்பெண் விவரமும் இணைப்பில் உள்ளன. மறு தேர்வு எழுதிப் பெற்ற தேர்ச்சி அல்ல இது. முதல் முறை எழுதிய அதே விடைத்தாளுக்குக் கிடைத்தது என்பதைக் குழு கவனிக்க வேண்டுகிறேன்.

வேறு உதவிகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கலந்தாய்வு மூலம் சேர்ந்ததால் முதல் பட்டதாரிச் சலுகை எனக்குக் கல்விக் கட்டணத்தில் கழிகிறது. பத்தாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்ததால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடோ புதுமைப் பெண் திட்டமோ எனக்குப் பொருந்தவில்லை. நடப்பு ஆண்டில் வேறு எந்த உதவித்தொகையும் நான் பெறவில்லை. இனி ஏதாவது கிடைத்தால் உடனே தங்களுக்குத் தெரிவிப்பேன். சலுகை போக இந்த ஆண்டு நான் கட்ட வேண்டியது கல்விக் கட்டணம் ரூ.30,000, கல்லூரிப் பேருந்துக் கட்டணம் ரூ.22,000. செப்டம்பர் 30 வரை கல்லூரி அவகாசம் கொடுத்திருக்கிறது. கடந்த இரண்டு ஆண்டும் அப்பா வட்டிக்கு வாங்காமல் கட்டணத்தைக் கட்டினார். இந்த முறை அவர் கடனுக்கு அலைவதைப் பார்க்க எனக்கு மனம் தாங்கவில்லை. படிப்பை நிறுத்தும் எண்ணம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. தங்கள் அறக்கட்டளை தரும் ரூ.40,000 கிடைத்தால் மீதி ரூ.12,000-ஐ நாங்களே பார்த்துக்கொள்வோம்.

ஆகவே, இணைத்துள்ள சான்றுகளின் அடிப்படையில் என் விண்ணப்பத்தை மீண்டும் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைசி நாளுக்குப் பின் வந்த ஆவணங்களை ஏற்பதில் சிக்கல் இருந்தால், வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரித்துக்கொள்ளலாம், அல்லது நேரில் அழைத்தால் அசல் ஆவணங்களோடு அப்பாவும் நானும் சென்னைக்கு வருகிறோம். இந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்றால் காத்திருப்போர் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க முடியுமா என்பதையும் குழு பரிசீலிக்க வேண்டும். முடிவு எதுவானாலும் செப்டம்பர் 20-க்குள் தெரிவித்தால், கட்டணத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ள அவகாசம் கிடைக்கும்.

இக்கடிதத்திலும் இணைப்புகளிலும் உள்ள விவரங்கள் அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன். ஏதேனும் தவறென்று தெரியவந்தால் உதவித்தொகையை ரத்து செய்யவும், வழங்கிய தொகையைத் திரும்பப் பெறவும் குழுவுக்கு முழு உரிமை உண்டு.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. கௌசல்யா

மேலே உள்ள விவரங்களைப் படித்துக் காட்டக் கேட்டேன். அனைத்தும் உண்மை.
தந்தையின் கையொப்பம்

இணைப்புகள் (அனைத்தும் சுயசான்றொப்பமிட்ட நகல்கள்):
1. தங்கள் நிராகரிப்புக் கடிதம், 18.08.2025
2. பழைய வருமானச் சான்றிதழ், 22.07.2024
3. புதிய சான்றிதழுக்கான ஒப்புகைச் சீட்டு, 16.06.2025
4. புதிய வருமானச் சான்றிதழ், 11.07.2025
5. கண் பிரிவுப் புறநோயாளிச் சீட்டு, மருத்துவரின் குறிப்புடன், 09.05.2025
6. தந்தையின் ஓட்டுநர் உரிமம்
7. லாரி உரிமையாளர், பட்டறை, தறி உரிமையாளர் ஆகியோரின் கடிதங்கள்
8. வங்கிப் புத்தகப் பக்கங்கள், ஜனவரி முதல் ஆகஸ்ட் 2025 வரை
9. மறுமதிப்பீட்டு முடிவு, 25.07.2025
10. நான்கு பருவ மதிப்பெண் விவரம், முதல்வர் கையொப்பத்துடன்
11. நடப்பு ஆண்டுக் கட்டண விவரம், கல்லூரி அலுவலகம் வழங்கியது