கிரெடிட் கார்டு கடன் வரம்பை ரூ.75,000-இலிருந்து ரூ.1,80,000 ஆக உயர்த்தக் கோரும் விண்ணப்பம்

கடலூர்
14 நவம்பர் 2025

அனுப்புநர்:
மு. செல்வகுமார்
திருப்பாப்புலியூர், கடலூர் 607002
(கதவு எண்ணும் அலைபேசி எண்ணும் தங்கள் பதிவில் உள்ளபடியே, மாற்றம் இல்லை)

பெறுநர்:
மேலாளர், கிரெடிட் கார்டு பிரிவு
கடலூர் கிளை மேலாளர் வழியாக

பொருள்: 4417 என முடியும் கிரெடிட் கார்டின் கடன் வரம்பை நிரந்தரமாக உயர்த்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

இந்தக் கார்டு 2021 ஜூலையில் ரூ.50,000 வரம்புடன் எனக்கு வழங்கப்பட்டது. 2023 பிப்ரவரியில் வரம்பு ரூ.75,000 ஆனது. அதன் பிறகு சம்பளம் உயர்ந்திருக்கிறது, செலவும் கூடியிருக்கிறது, வரம்பு மட்டும் அப்படியே நிற்கிறது. அதை ரூ.1,80,000 ஆக உயர்த்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வருமானம்

கடலூர் சிப்காட் வளாகத்தில் உள்ள வேதிப்பொருள் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளராக நிரந்தரப் பணியில் இருக்கிறேன். நிறுவனத்தின் பெயர், பணியாளர் எண், பணியில் சேர்ந்த தேதி மூன்றும் சம்பளச் சீட்டில் உள்ளன. 2025 ஏப்ரல் முதல் மொத்த மாதச் சம்பளம் ரூ.62,500. இதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து ரூ.34,000, அதன் 12 சதவீதமான ரூ.4,080 வருங்கால வைப்பு நிதிக்குப் போகிறது. கேன்டீனுக்கும் குழுக் காப்பீட்டுக்கும் ரூ.770. கைக்கு வருவது ரூ.57,650.

இணைத்துள்ள மூன்று சீட்டுகளும் ஒரே தொகையைக் காட்டாது. ஆகஸ்டில் ஆலை நிறுத்தப் பராமரிப்புக்கான ஓவர்டைம் ரூ.3,800 சேர்ந்ததால் ரூ.61,450 வந்தது. செப்டம்பரில் அரையாண்டுத் தொழில் வரி ரூ.1,250 பிடித்ததால் ரூ.56,400. அக்டோபர்தான் வழக்கமான மாதம்: ரூ.57,650. அக்டோபர் 10 அன்று தனியாக வரவு வைக்கப்பட்ட ரூ.31,250 தீபாவளி போனஸ். ஆண்டுக்கு ஒரு முறை வருவது. ஓவர்டைமையும் போனஸையும் சராசரியில் சேர்க்க வேண்டாம், ரூ.57,650-ஐ மட்டுமே அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

முடிந்த இரண்டு நிதியாண்டுகளின் மொத்தச் சம்பளம், போனஸ் உட்பட: 2023-24-இல் ரூ.6,65,000, 2024-25-இல் ரூ.7,22,500. 2024-25-க்கான வருமான வரிக் கணக்கை (ஐ.டி.ஆர்-1) 28 ஆகஸ்ட் 2025 அன்று தாக்கல் செய்து, அன்றே ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்த்துவிட்டேன். அதில் காட்டிய மொத்த வருமானம் ரூ.6,61,750: சம்பளத்திலிருந்து நிலையான கழிவு ரூ.75,000 போக ரூ.6,47,500, வங்கி வட்டி ரூ.14,250.

படிவம் 26ஏ.எஸ்.-ஐ மட்டும் பார்த்தால் குழப்பம் வரும். சம்பளத்தில் பிடித்த வரி அதில் பூஜ்யம். புதிய வரி முறையில் 2024-25-க்கு ரூ.7 லட்சம் வரையிலான வருமானத்துக்கு 87ஏ பிரிவின் தள்ளுபடி உண்டு. அதனால்தான் வரி இல்லை, வருமானம் இல்லாததால் அல்ல. சம்பளத்தை உறுதி செய்ய படிவம் 16-இன் பகுதி ‘பி’, வரிக் கணக்கின் ஒப்புகை, வங்கிக் கணக்கு அறிக்கை மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கவும்.

பெயரிலும் ஒரு வேறுபாடு தெரியும். பான் அட்டையில் தந்தை பெயர் விரிந்து ‘முருகேசன் செல்வகுமார்’ என்றும், சம்பளச் சீட்டில் முதலெழுத்து பின்னால் போய் ‘செல்வகுமார் மு.’ என்றும், தங்கள் கார்டில் ‘மு. செல்வகுமார்’ என்றும் இருக்கிறது. கணினிச் சரிபார்ப்பு இதை மூன்று ஆட்களாக எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் திருப்பிவிடக் கூடும். மூன்று ஆவணங்களிலும் பான் எண் ஒன்றே. அதைக் கொண்டு பொருத்திப் பார்க்கவும்.

கார்டு பில் கட்டிய விவரம்

ஒவ்வொரு மாதமும் 18-ஆம் தேதி பில் வருகிறது, அடுத்த மாதம் 7-ஆம் தேதி கெடு. சம்பளம் மாதக் கடைசி நாளில் வந்துவிடுவதால், முழுத் தொகையையும் 7-ஆம் தேதி தானியங்கியாக எடுத்துக்கொள்ள உத்தரவு கொடுத்திருக்கிறேன். கடந்த பன்னிரண்டு பில்கள்:

| பில் தேதி | மொத்த பாக்கி (ரூ.) | முழுத் தொகை கட்டிய நாள் |
|---|---|---|
| 18.11.2024 | 41,260 | 05.12.2024 |
| 18.12.2024 | 38,905 | 07.01.2025 |
| 18.01.2025 | 52,340 | 07.02.2025 |
| 18.02.2025 | 36,780 | 07.03.2025 |
| 18.03.2025 | 44,115 | 07.04.2025 |
| 18.04.2025 | 47,620 | 07.05.2025 |
| 18.05.2025 | 63,480 | 07.06.2025 |
| 18.06.2025 | 69,950 | 04.07.2025 |
| 18.07.2025 | 58,230 | 07.08.2025 |
| 18.08.2025 | 49,375 | 07.09.2025 |
| 18.09.2025 | 54,810 | 07.10.2025 |
| 18.10.2025 | 66,140 | 07.11.2025 |

மொத்தம் ரூ.6,23,005, மாதச் சராசரி ரூ.51,917. ஒரு மாதம்கூடக் குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்தவில்லை. வட்டி ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. கார்டில் ரொக்கம் எடுத்ததில்லை, எந்தச் செலவையும் தவணையாக மாற்றியதில்லை. முதல் வரிசையில் இருப்பது, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, கடலூர் வெள்ளத்தில் நின்ற வாரத்தில் கெடு வந்த பில். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே கட்டப்பட்டது. ஜனவரி பில் கூடியதற்கு வெள்ளத்தில் வீணான குளிர்சாதனப் பெட்டிக்குப் பதில் வாங்கியதும், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியமும் காரணம்.

பன்னிரண்டு மாதங்களுக்கு முந்தைய பதிவைப் பார்த்தால், 2024 மே 7-இல் கட்ட வேண்டிய பில் மே 9-இல் கட்டப்பட்டிருப்பது தெரியும். அந்த ஏப்ரலில் எங்கள் நிறுவனம் எல்லோருடைய சம்பளக் கணக்கையும் வேறு வங்கிக்கு மாற்றியது. புதிய கணக்கில் தானியங்கி உத்தரவு பதிவாகும் முன்பே கெடு வந்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் கார்டு வழிகாட்டுதல்படி, கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் அதைத் தவறிய பாக்கியாகக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கலாம், தாமதக் கட்டணமும் விதிக்கலாம். ரூ.500 கட்டணம் அடுத்த பில்லிலேயே திரும்ப வரவு வைக்கப்பட்டது. கடன் அறிக்கையிலும் அந்த மாதம் ‘000’ என்றே இருக்கிறது.

பிற கடன்களும், கட்டும் சக்தியும்

வீட்டுக் கடன் தவணை ரூ.14,200 (2019 செப்டம்பர் முதல்). இருசக்கர வாகனக் கடன் தவணை ரூ.3,870, 2026 மார்ச்சில் முடிகிறது. இரண்டும் சேர்ந்து ரூ.18,070, கைச் சம்பளத்தில் சுமார் 31 சதவீதம். வேறு கார்டோ, தனிநபர் கடனோ, யாருக்கும் கொடுத்த ஜாமீனோ இல்லை. அக்டோபரில் எடுத்த ஆண்டு இலவச அறிக்கையில் சிபில் மதிப்பெண் 768.

கேட்கும் வரம்பு முழுவதும் ஒரு மாதம் நிலுவையில் நின்றாலும், அதில் 5 சதவீதத்தை மாதச் சுமையாகக் கணக்கிட்டால் ரூ.9,000. தவணைகளோடு சேர்த்து ரூ.27,070, அதாவது 47 சதவீதம். வாகனக் கடன் முடிந்ததும் இது ரூ.23,200 ஆகி 40 சதவீதத்துக்கு வந்துவிடும்.

கூர்ந்து பார்க்கும் அதிகாரிக்கு இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும்: தவணை ரூ.18,070, கார்டு சராசரி ரூ.51,917, கூட்டினால் சம்பளத்தைத் தாண்டுகிறதே? தாண்டுகிறதுதான். என் மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, மாதந்தோறும் ரூ.22,000 என் கணக்குக்கு அனுப்புகிறார். வீட்டுச் செலவு முழுவதும், மளிகை முதல் மின்கட்டணம் வரை, இந்த ஒரே கார்டில் நடப்பதால்தான் பில் இவ்வளவு தெரிகிறது. அந்த வரவை கணக்கு அறிக்கையில் காணலாம். என் தகுதி வருமானத்தில் அதைச் சேர்க்கக் கேட்கவில்லை.

உயர்வு ஏன் தேவை

புதுச்சேரியில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளின் ஆண்டுக் கட்டணம் ரூ.64,500. கல்லூரி இணையதளம் அதை ஒரே தொகையாகத்தான் ஏற்கிறது. 2025 ஜூன் 10 அன்று கார்டில் மீதி வரம்பு சுமார் ரூ.47,000 மட்டுமே இருந்ததால் பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது. மறுநாள் பில்லுக்கு முன்பே ரூ.30,000 கட்டி, அது வரம்பில் சேர்ந்த பிறகு 12-ஆம் தேதி கட்டணம் போயிற்று. ஆகவே ஜூன் பில்லின் ரூ.69,950 அந்த மாதத்தின் உண்மையான செலவைக் காட்டாது, உண்மையில் ரூ.99,950. அதைத் தீர்க்க ஜூலை 2-இல் முதிர்ந்த வைப்புத்தொகை ரூ.62,300 பயன்பட்டது.

இன்னொரு காரணம் பயன்பாட்டு விகிதம். சராசரி பில்லே வரம்பில் 69 சதவீதம், ஜூனில் 93. 2025 ஜனவரி முதல் கடன் தகவல்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், முழுத் தொகையைக் கட்டுகிறவரின் அறிக்கையிலும் பில் கட்டும் முன் நிற்கும் நிலுவை பதிவாகிவிடுகிறது. வரம்பு ரூ.1,80,000 ஆனால் இதே செலவு 29 சதவீதமாகத் தெரியும். செலவைக் கூட்டும் எண்ணம் இல்லை.

ஒப்புதலின் எல்லை

ரிசர்வ் வங்கியின் 2022 வழிகாட்டுதல் கேட்கும் வெளிப்படையான ஒப்புதலாக இக்கடிதத்தைக் கொள்ளலாம், ரூ.1,80,000 வரை மட்டும். ரொக்கம் எடுக்கும் வரம்பு இப்போதுள்ள ரூ.15,000-இலேயே இருக்கட்டும்; மொத்த வரம்போடு தானாக ஏற வேண்டாம். வரம்பைத் தாண்டிச் செலவழிக்கும் வசதிக்கும், ஆண்டுக் கட்டணம் உள்ள கார்டுக்கு மாற்றுவதற்கும், காப்பீடு சேர்ப்பதற்கும் ஒப்புதல் இல்லை. வெளிநாட்டுப் பயன்பாடு முடக்கத்திலேயே இருக்கட்டும். இவ்விண்ணப்பத்துக்காக என் கடன் அறிக்கையை ஒருமுறை பெற்றுப் பார்க்கலாம்.

முழு உயர்வு இயலாவிடில் ரூ.1,50,000 ஏற்கத்தக்கது. சில மாதங்களுக்கான தற்காலிக உயர்வு வேண்டாம். அடுத்த ஜூன் கட்டணத்துக்கு முன் அது காலாவதியாகிவிடும். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும். ஆவணம் குறைவு என்பது காரணமானால், எந்த ஆவணம் என்று குறித்தால் ஏழு நாளில் தருகிறேன்.

இப்படிக்கு,
மு. செல்வகுமார்

இணைப்பு:
சம்பளச் சீட்டு: ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் 2025
சம்பளக் கணக்கு அறிக்கை: மே 1 முதல் அக்டோபர் 31, 2025 வரை (வங்கித் தளத்திலிருந்து இறக்கிய பி.டி.எஃப்.; ஸ்கேன் அல்ல, கடவுச்சொல் நீக்கப்பட்டது)
படிவம் 16 பகுதி ‘பி’, இரண்டு ஆண்டுகள்
2024-25 வருமான வரிக் கணக்கும் ஒப்புகையும்
கடன் தகவல் அறிக்கை, அக்டோபர் 2025
பான் நகல், முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதார் நகல்