நினைவூட்டல்: புகார் எண் 250915-44721, ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிக்கப்பட்ட 10,000 ரூபாய்

நாள்: 06.10.2025
இடம்: கம்பம்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
நகல்: கிளை மேலாளர் அவர்கள், கம்பம் கிளை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

கடந்த 15.09.2025 அன்று நான் அனுப்பிய புகாருக்கு, 250915-44721 என்ற எண்ணைத் தெரிவித்து அன்று மாலையே ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தருவதாக அதில் எழுதியிருந்தீர்கள். அந்த ஏழு நாட்களும் செப்டம்பர் மாதத்திலேயே முடிந்துவிட்டன. இன்றுவரை பணமும் திரும்பவில்லை, எழுத்தில் ஒரு வரி பதிலும் வரவில்லை என்பதால் இந்த நினைவூட்டலை அனுப்புகிறேன். முதல் கடிதத்தை இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். படிப்பவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதன் சாரத்தை மட்டும் கீழே தருகிறேன்.

13.09.2025, சனிக்கிழமை மாலை 5.42 மணிக்கு, குமுளி கடைவீதியில் உள்ள வேறொரு வங்கியின் ஏடிஎம்மில், 7316 என்று முடியும் என் சேமிப்புக் கணக்கிலிருந்து 10,000 ரூபாய் எடுக்க முயன்றேன். இயந்திரம் நோட்டுகளை எண்ணும் சத்தம் கேட்டது. பணம் வரும் வாய் திறக்கவே இல்லை. திரை ஒரு நிமிடம் போல அப்படியே நின்று, பிறகு தொடக்கப் பக்கத்துக்குத் திரும்பியது. ஒரு சீட்டு மட்டும் வந்தது. 5.44-க்கு, பணம் எடுக்கப்பட்டதாக உங்கள் வங்கியின் குறுஞ்செய்தி வந்தது. சீட்டில் உள்ள பரிவர்த்தனை எண் 525617004417. வங்கிக் கணக்கில் மீதம் 1,312 ரூபாய்.

முதல் கடிதத்தில் சொல்ல விட்டுப்போன ஒன்றை இங்கே சேர்க்கிறேன். அந்தச் சீட்டு வெப்ப அச்சுத் தாளில் அடித்தது. மூன்று வாரத்துக்குள் அதில் ஏடிஎம் எண் இருக்கும் மேல் வரி பாதி வெளுத்துவிட்டது. எழுத்து தெளிவாக இருந்தபோதே எடுத்து வைத்த நகலை இத்துடன் இணைத்துள்ளேன். மூலச் சீட்டும் பத்திரமாக இருக்கிறது, கேட்டால் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

அன்று இரண்டாவது சனிக்கிழமை என்பதால் இரு ஊரிலும் வங்கிகள் மூடியிருந்தன. திங்கட்கிழமை கம்பம் கிளைக்கு வந்தபோது, "அது கேரளாவில் இருக்கிற ஏடிஎம், அங்கே போய்க் கேளுங்கள்" என்றார்கள். மலையேறிக் குமுளிக்குப் போனேன். கார்டு தந்த வங்கியில்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று அங்கே மலையாளத்தில் பொறுமையாகவே விளக்கினார்கள். அவர்கள் சொன்னதே சரி என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன். பணம் எடுக்க முயன்ற இயந்திரம் எந்த வங்கியுடையதாக இருந்தாலும், எந்த மாநிலத்தில் இருந்தாலும், வாடிக்கையாளர் அணுக வேண்டியது கார்டு வழங்கிய தன் வங்கியைத்தான். எல்லையோரத்தில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குக் காலையில் ஒரு மாநிலம், மாலையில் ஒரு மாநிலம் என்பது அன்றாட வாழ்க்கை. அதைக் காரணம் காட்டி ஒரு புகாரை இங்குமங்கும் அனுப்புவது நியாயமாகாது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

20.09.2019 தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைப்படி, கணக்கில் கழிக்கப்பட்டு ஏடிஎம்மில் பணம் வராவிட்டால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே அந்தத் தொகையைத் திரும்ப வரவு வைக்க வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீட்டை, வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் தர வேண்டும். எனக்கான ஐந்து நாள் கெடு 18.09.2025 அன்று முடிந்தது. 19-ஆம் தேதி முதல் இன்றுவரை 18 நாட்கள் ஆகின்றன. எனவே இன்றைய கணக்கில் எனக்கு வர வேண்டியது 10,000 ரூபாயும், இழப்பீடு 1,800 ரூபாயும். பணம் வரவு வைக்கப்படும் நாள்வரை இழப்பீட்டைக் கணக்கிட்டுச் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பரிவர்த்தனை வெற்றிகரமாக நடந்ததாக எதிர்த்தரப்பு வங்கி பதில் அனுப்பியிருந்தால், அந்த ஒரு வரியை வைத்து என் புகாரை முடித்துவிட வேண்டாம். ஒவ்வொரு பரிவர்த்தனையும் அந்த இயந்திரத்தின் மின்னணுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும். நோட்டு வெளியே வராமல் உள்ளேயே நின்றிருந்தால், அடுத்து பணம் நிரப்ப வந்தவர்கள் இருப்பை எண்ணியபோது 10,000 ரூபாய் மிகையாக இருந்திருக்க வேண்டும். ஆகவே அந்தப் பதிவேட்டின் நகலையும், அந்த நாளை ஒட்டி எடுத்த ரொக்க இருப்புக் கணக்கையும் கேட்டு வாங்கிப் பார்த்து, எனக்கும் ஒரு பிரதி தர வேண்டுகிறேன். மாலை 5.40 முதல் 5.50 வரையிலான கண்காணிப்புக் கேமரா பதிவை அழியாமல் பாதுகாக்கும்படி அந்த வங்கிக்கு இன்றே எழுதுங்கள். என் கையில் பணம் வந்ததா என்பதை அந்தப் பத்து நிமிடப் பதிவே சொல்லிவிடும். நாளாக ஆகப் பழைய பதிவுகளின் மேல் புதியவை ஏறிவிடும் என்பதுதான் என் பெரிய கவலை.

இது சேமிப்பில் கிடந்து வட்டி ஈட்டும் பணமாக இருந்திருந்தால் இன்னும் சில நாட்கள் பொறுத்திருப்பேன். வண்டன்மேடு பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. அந்த வாரம் காய் பறித்த நான்கு பெண்களின் கூலியும், அவர்கள் கம்பத்திலிருந்து வந்துபோன ஜீப் வாடகையும்தான் அந்தப் பத்தாயிரம். சனிக்கிழமை கூலி கிடைத்தால்தான் அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாமான் வாங்க முடியும். அவர்களைக் காக்க வைக்க மனம் வராமல், தெரிந்த ஏலக்காய்க் கடைக்காரரிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கடன் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு முறை அந்தக் கடையைக் கடக்கும்போதும் அவர் எதுவும் கேட்பதில்லை, எனக்குத்தான் தலை நிமிர்வதில்லை.

தொலைபேசி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் இருக்கும் நேரத்தில் என் கைபேசிக்குப் பெரும்பாலும் சிக்னல் கிடைப்பதில்லை. தங்கள் தரப்பில் அழைத்து, வாடிக்கையாளர் எடுக்கவில்லை என்று பதிவாகியிருந்தால் அதை என் அலட்சியமாகக் கருத வேண்டாம். பதிலைக் குறுஞ்செய்தியாகவோ, இந்த மின்னஞ்சலுக்கே மறுமொழியாகவோ, தமிழில் அனுப்பினால் மாலையில் வீடு திரும்பியதும் பார்த்துவிடுவேன். புகாரைக் கவனிக்கும் அலுவலரின் பெயரையும் பதவியையும் அதில் குறிப்பிடுங்கள்.

இந்தக் கடிதத்துக்குப் புதிய புகார் எண் எதுவும் கொடுக்க வேண்டாம். 250915-44721 என்ற எண்ணிலேயே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணை முடித்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்தால், நான் காத்திருந்த நாட்கள் கணக்கில் வராமல் போய்விடும்.

முதல் புகார் கொடுத்து வரும் 15.10.2025 அன்று முப்பது நாட்கள் நிறைகின்றன. அதற்குள் பணம் வரவு வைக்கப்படாமலோ, காரணத்துடன் கூடிய எழுத்துப்பூர்வமான பதில் கிடைக்காமலோ போனால், cms.rbi.org.in தளத்தின் வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இந்த இரண்டு கடிதங்களையும் இணைத்து முறையிடுவேன். அதுவரை போக எனக்கு விருப்பமில்லை. பதினான்கு ஆண்டுகளாக உங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கிறேன், இதற்கு முன் ஒரு குறையும் சொன்னதில்லை.

இணைப்பு: ஏடிஎம் சீட்டின் நகல், 13.09.2025 குறுஞ்செய்தியின் படம், செப்டம்பர் மாதக் கணக்குப் பக்கத்தின் நகல், 15.09.2025 தேதியிட்ட முதல் புகார்.

இப்படிக்கு,
மு. செல்வராணி
சேமிப்புக் கணக்கு (இறுதி நான்கு எண்கள் 7316)
கம்பம், தேனி மாவட்டம்