பிரியாவுக்கு, லேட்டா ஒரு ரிப்ளை

பிரியா, சாரி டி. நீ அனுப்புன எல்லாத்தையும் பாத்துட்டேன், அன்னைக்கே பாத்துட்டேன், ப்ளூ டிக் உனக்கும் தெரிஞ்சிருக்கும். வேலை இருந்துச்சுதான், ஆனா நடுவுல ஸ்டேட்டஸ் வைக்க டைம் இருந்துச்சுல்ல, அதையும் நீ பாத்திருக்க, அதனால பிஸின்னு உன்கிட்ட கதை விட மாட்டேன். உன் வாய்ஸ் நோட்டுக்கு ரெண்டு வரில பதில் போட மனசு வரல, சாயங்காலம் உக்காந்து எழுதலாம்னு தள்ளுனேன், அது இவ்ளோ நாள் இழுத்துருச்சு. தப்பு என்மேலதான். அதுக்கு மேல சொல்ல ஒன்னும் இல்ல.

ஆனா கடைசியா "பரவால்ல விடு, நீ ஃப்ரீ ஆனப்பறம் பாத்துக்கலாம்"னு போட்டிருந்த பாரு, அது மட்டும் வேணாம் டி. ஹாஸ்டல்ல என் பக்கெட்ட எவளோ தூக்கிட்டு போனதுக்கு மாடி மாடியா ஏறி சண்டை போட்டவ நீ, நீ போய் இவ்ளோ டீசன்ட்டா பேசுனா எனக்கு பயமா இருக்கு. திட்டணும்னா திட்டு. ரிப்ளை வரலன்னா அடுத்த நாளே "செத்தியாடி"ன்னு ஒரு மெசேஜ் போடு, அதுக்கு பதில் போடாம என்னால இருக்க முடியாது.

சரி, நீ கேட்டதுக்கு ஒன்னொன்னா சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும், டீ போட்டுட்டு வந்து படி.

ஃபர்ஸ்ட் ஆஃபீஸ் விஷயம். வாய்ஸ் நோட்ட நேத்து ராத்திரி திரும்ப முழுசா கேட்டேன். நடுவுல குக்கர் விசில் அடிக்குது, "இரு வரேன்"னு போற, திரும்பி வந்து பேசும்போது உன் குரலே வேற மாதிரி இருக்கு. அதுவரைக்கும் உனக்கு பதிலா டீம் லீட் ஆன அந்த பையன பத்தி கோவமா பேசிட்டு இருந்தவ, அப்பறம் "ஒருவேளை எனக்குத்தான் திறமை இல்லையோ"ன்னு ஆரம்பிச்சுட்ட. குக்கர் அணைக்கிற கேப்புல என்னடி ஆச்சு உனக்கு? அவனுக்கு வேலை கத்துக்குடுத்ததே நீதான், ராத்திரி பத்து மணிக்கு எனக்கு ஃபோன் பண்ணும்போதுகூட "இருடி அவன் ஏதோ டவுட் கேக்குறான்"னு என்னை ஹோல்டுல போட்டிருக்க. அவன டீம் லீட் ஆக்குனது அந்த மேனேஜர் எடுத்த முடிவு, உனக்கு வேலை தெரியுமா தெரியாதாங்குறதுக்கு அது சர்டிஃபிகேட் இல்ல.

பேப்பர் போடட்டுமான்னு கேட்டிருந்த. வேணாம்னு நான் சொல்லல. ஆனா இந்த கோவத்துலயே போடாத, கையில இன்னொரு ஆஃபர் இல்லாம சத்தியமா போடாத, ஹோம் லோன் இருக்கு. அதுக்கு முன்னாடி மேனேஜருக்கு ஒரு மெயில் போடு, நேர்ல பேசுனா அவரு சிரிச்சு மழுப்பிடுவாரு. எந்த அடிப்படைல முடிவு பண்ணீங்க, அடுத்த ரிவ்யூக்குள்ள என்கிட்ட என்ன எதிர்பாக்குறீங்க, இந்த ரெண்டே கேள்வி, மரியாதையா, சின்னதா. அழுகாச்சி எதுவும் அதுல வரக்கூடாது. பதில் ஒழுங்கா வந்தா இருக்கறதா போறதான்னு யோசிக்கலாம், மழுப்பலா வந்தா அதுவே பதில்தான், அன்னைக்கே ரெஸ்யூம தூசி தட்டு. டிராஃப்ட் போட்டு எனக்கு அனுப்பு, பாத்து தரேன். இந்த தடவை உடனே பாப்பேன், நம்பு.

இப்ப ட்ரிப். பொங்கல் கழிச்சு அப்பா அம்மாவ கூட்டிட்டு கும்பகோணம் வரேன்னு சொன்னதுக்கு நான் குதிச்சிருக்கணும், ஒரு ஸ்மைலிகூட போடல பாரு. கட்டாயம் வாங்க. லாட்ஜ் எல்லாம் வேணாம், எங்க வீட்டுல கீழ் ரூம் சும்மாதான் கிடக்கு, படி ஏற வேண்டியதில்ல, பாத்ரூமும் வெஸ்டர்ன்தான், அப்பா முட்டிக்கு அது வசதி. அம்மா கூச்சப்படுவாங்கன்னு தெரியும், அவங்ககிட்ட என் மாமியார பேச சொல்றேன், அவங்க பேசுனா யாரும் முடியாதுன்னு சொன்னதில்ல.

உங்க பெரியம்மா சொன்ன அந்த ஒரே நாள்ல நவகிரகம் பேக்கேஜ் வேண்டவே வேணாம். ஒம்போது கோயில், ஒம்போது தடவை வேன்ல ஏறி இறங்கணும், ஒவ்வொரு இடத்துலயும் "சீக்கிரம் வாங்க, நடை சாத்திருவாங்க"ன்னு டிரைவர் கத்துவாரு, வீட்டுக்கு வந்தப்பறம் எந்த கோயில்ல எந்த சாமி இருந்துச்சுன்னே ஞாபகம் இருக்காது, முட்டி வலிதான் ஞாபகம் இருக்கும். உன் தம்பி கல்யாணத்துக்காக அம்மா கேக்குறது ராகுதானே, அது திருநாகேஸ்வரம், டவுன்லருந்து ஆட்டோலயே போயிடலாம். பாலாபிஷேகம் பண்ணும்போது பால் நீலமா மாறும்னு சொல்வாங்க, அம்மா அத பாக்கணும்னா அபிஷேக நேரம் பாத்துதான் போகணும். ஞாயித்துக்கிழமை சாயங்கால ராகு காலம் மட்டும் வேணாம், நாலரைலருந்து ஆறு வரைக்கும் அங்க நிக்க இடம் இருக்காது. வார நாள்ல காலைல போனா நிம்மதியா கும்பிட்டு வரலாம்.

தாராசுரம் கண்டிப்பா போறோம், அது பக்கத்துலதான். பெரிய கோயில் மாதிரி அண்ணாந்து பாக்குற கோயில் இல்ல அது, குனிஞ்சு பாக்கணும். சாமி சன்னதிய சுத்தி கீழ்ப்பக்கம் சுவர்ல நாயன்மார் கதை எல்லாம் சின்ன சின்னதா செதுக்கிருப்பாங்க, கைய வச்சு மறைச்சா ஒரு கதை மறைஞ்சிடும், அவ்ளோ குட்டி. முன் மண்டபத்துல சக்கரம் வச்சு, குதிரை இழுக்குற தேர் மாதிரி பண்ணிருப்பாங்க, உன் பையனுக்கு அது பிடிக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல போவோம், மத்தியானம் போனா கல் தரை சுடும், அப்பாவால வேகமா நடந்து தாண்டவும் முடியாது.

கங்கைகொண்ட சோழபுரம் ஒரு நாள் காலைல, கார்ல போயிட்டு வந்துடலாம். படி கொஞ்சம் உயரம், அப்பாவுக்கு முடியலன்னா வெளிய புல்தரைல உக்காந்துக்கட்டும், அங்கருந்து விமானத்த பாக்குறதே போதும்னு எனக்கு தோணும். வடக்கு பக்க வாசல்கிட்ட சிவன் சண்டிகேஸ்வரருக்கு தலைல மாலை சுத்தி விடுற சிலை இருக்கு, அத மட்டும் எப்படியாவது பாக்க வைக்கணும். தஞ்சாவூர் உன் இஷ்டம். 1010ல கட்டி முடிச்ச கோயில், இன்னும் அப்படியேதான் நிக்கும், அடுத்த தடவை வரும்போதுகூட பாக்கலாம். மூணு நாள்ல எல்லாத்தையும் அடைச்சா யாருக்கும் எதுவும் ஒட்டாது.

அப்பாவுக்குன்னு நான் யோசிச்சு வச்சது வேற. அவரு ஃபவுண்டரில வேலை பாத்தவருதானே, சுவாமிமலைல சிலை வார்க்கிற பட்டறைக்கு கூட்டிட்டு போறேன். எங்க வீட்டுக்காரருக்கு தெரிஞ்ச ஸ்தபதி ஒருத்தர் இருக்காரு, கேட்டுட்டேன், வர சொல்லிட்டாரு. தேன்மெழுகுல குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய் சேத்து அதுலதான் முதல்ல சிலைய செய்வாங்க, விரல் நகம் வரைக்கும் மெழுகுலயே வந்துடும். அதுமேல காவேரி வண்டல் மண்ண நைஸா பூசி, காய வச்சு, திரும்ப கெட்டி மண் பூசி, கம்பி கட்டி சூடு பண்ணா மெழுகு உருகி ஓட்டை வழியா வெளிய வந்துரும், அந்த இடத்துல உருக்குன உலோகத்த ஊத்துவாங்க. ஆறுனப்பறம் மண்ண உடைச்சாதான் சிலை வெளிய வரும், அச்சே போயிடும், அதனால அதே சிலை இன்னொன்னு வராது. அப்பா பேட்டர்ன் வச்சு மண்ணுல அச்சு எடுத்து ஒரே மாதிரி நூறு பம்ப் பாடி வார்த்தவரு, இதப் பாத்துட்டு அந்த ஸ்தபதிய கேள்வி கேட்டே கொன்னுடுவாரு, நாம அந்த நேரத்துல நாச்சியார்கோயில் போய் அம்மாவுக்கு குத்துவிளக்கு பாத்துட்டு வந்துடலாம்.

சேலை போட்டோ பாத்தேன். கலர் சூப்பர், அந்த அரக்கு பார்டர் உனக்கு எடுப்பா இருக்கும். ஆனா திருபுவனம் பட்டா இல்லையான்னு போட்டோல பாத்து என்னால சொல்ல முடியாது டி, சில்க் மார்க் லேபிள் இருக்கான்னு கேளு, முந்தானை குஞ்சத்துலருந்து ஒரு நூல் எடுத்து கொளுத்தி பாக்க விடுவாங்களான்னு கேளு, பட்டுன்னா முடி கருகுற நாத்தம் வரும், கைல நசுக்குனா சாம்பல் பொடியாயிடும். அதுக்கெல்லாம் அந்த ஆன்லைன் கடைக்காரன் ஒத்துக்க மாட்டான்ல, அதனால இப்ப வாங்காத. இங்க வந்ததும் திருபுவனத்துலயே நெசவு பண்றவங்ககிட்ட போய் தொட்டு பாத்து எடுக்கலாம். அட்வான்ஸ் கட்டிட்டியா? கட்டிருந்தா சொல்லு, நான் லேட் பண்ணதுக்கு அதுல பாதி நான் தரேன்.

பையனுக்கு காய்ச்சல்னு போட்டிருந்த மெசேஜுக்கும் ஒன்னும் கேக்காம இருந்துட்டேன். அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துது. இப்ப எப்படி இருக்கான், ஸ்கூல் போறானா, சாப்பிடுறானா? இதுக்கு மட்டும் இப்பவே ஒரு வரி போடு, மத்ததெல்லாம் மெதுவா படிச்சுக்கோ.

நாளைக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் நானே கூப்பிடுறேன். மெயில பத்தி அப்ப பேசலாம். ஜன சதாப்தில வந்தா காலைல கோயம்புத்தூர்ல ஏறி மத்தியானம் இங்க இறங்கிடலாம், பொங்கல் டைம்ல சீட்டு பறந்துரும், இன்னைக்கே போட்டுட்டு தேதிய சொல்லு, ஸ்டேஷனுக்கு கார் எடுத்துட்டு வந்துடுவோம். அப்பாவுக்கு லோயர்ல எல்லாம் தேட வேண்டாம், அதுல உக்கார்ற சீட்டுதான், கால் நீட்ட ஓரத்து சீட்டு கிடைச்சா பாரு.

சுவாமிமலை விஷயத்த அப்பாகிட்ட நீ சொல்லிடாத, நான் ஃபோன்ல சொல்றேன்.